மாடிப்படியில் வெற்றிலைத் தட்டு

என் அன்புக் காமு,

உனக்கு நான் கடிதம் எழுதியதே இல்லை. ஒரே வீட்டில் இருக்கிறவளுக்கு யார் எழுதுவார்கள்? நீ போய் வருஷத் திதியும் நெருங்கிவிட்டது. வாசகசாலைக்காரர்கள் தங்கள் மலருக்கு, மறைந்தவர்களைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். பற்றி எழுத எனக்கு வராது. உன்னிடம் பேசினால் வரும் போலிருக்கிறது. நாலு பேர் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும்.

அசதியாக இருக்கிறது, காமு. உடம்புக்கு ஒன்றுமில்லை. சமையல், தண்ணீர், பால்காரன், மழைக்கு ஒழுகுகிற ஓடு என்று நீ பேச்சோடு பேச்சாகச் செய்துவிட்டுப் போனதையெல்லாம் நான் யோசித்து யோசித்துச் செய்கிறேன். ரசம் வைக்கப் பழகிவிட்டேன். மனிதர்களிடம் பேசத்தான் இன்னும் பழகவில்லை.

முதலில் நல்ல சேதி. மங்கை பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான் என்று சம்பந்தி வீட்டில் அனுப்பிவைத்தார்கள். அம்மா இல்லாத அம்மா வீடு. வந்து இறங்கினதும் அடுப்படியை ஒரு பார்வை பார்த்தாள். "பரவால்லப்பா, சுத்தமாத்தான் வெச்சிருக்கீங்க" என்றாள். பிறகு திரும்பி நின்றுகொண்டு முகத்தைத் துடைத்தாள். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மாடிப்படிக்கு ஒட்டினாற்போல நீ நெல் குதிர் வைத்திருந்த உள் அறையைக் காலி பண்ணி அவளுக்குக் கட்டில் போட்டேன். வாடைக் காற்று அடிக்காத அறை அது ஒன்றுதானே. உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த அறைக்கு வெளிச்சத்துக்கென்று உயரத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. அது திறப்பது தெருவுக்கு இல்லை, மாடிப்படி திரும்புகிற இடத்துக்கு. வீடு கட்டும்போது கொத்தனாரிடம் நான்தான் கேட்டு வைக்கச் சொன்னேன். அந்த ஜன்னலில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

மாடியில் குடியிருக்கும் செல்வராசு அந்தத் திருப்பத்தில்தான் உட்கார்ந்து பீடி குடிக்கிறான். நீயே பார்த்துக் குடிவைத்த பிள்ளை. மின்சார ஆபீசில் வயர்மேன், குடவாசல் பக்கத்து ஆள், பெண்டாட்டி வசந்தா தங்கமான பெண் என்று நீதான் சொன்னாய். வயலுக்கு வயல் பம்புசெட்டு வந்துவிட்ட இந்தக் காலத்தில் அவனுக்கு நாளெல்லாம் கம்பத்தில் வேலை. சாயங்காலம் வந்து குளித்துவிட்டுப் படித் திருப்பத்தில் வந்து உட்காருவான். ஒரு பீடி, அது முடிந்தால் இன்னொன்று. சம்பளம் வாங்கின வாரமானால் சிகரெட்.

நீ இருந்தவரை அவன் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மொட்டைமாடியில் குடித்துக்கொண்டிருந்தான். நீ போன பிறகுதான் படிக்கு இறங்கி வந்தான். தட்டிக் கேட்க ஆளில்லை என்று நினைத்துவிட்டான் போல என்று எனக்குக் கோபம். போதாததற்கு நான் கூடத்தில் நடமாடினால் மேலேயிருந்து ஒரு குரல் வரும்.

"ஐயா, சாப்ட்டாச்சுங்களா?"

"ம்" என்பேன். இவனுக்கு எதற்கு என் சாப்பாட்டுக் கணக்கு?

மங்கைக்குச் சின்ன வயதில் இருந்த இளைப்பு உனக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு நீ உட்கார்ந்திருந்ததும் தெரியும். பெரியவளானதும் போய்விட்டது என்று நம்பித்தான் கல்யாணம் செய்தோம். மாசமானதும் அது திரும்ப எட்டிப் பார்க்கிறது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுப்புப் புகை, ஊதுவத்தி, பீடி, சிகரெட் எதுவும் இவங்க கிட்ட வரக்கூடாது. இவங்களுக்கு மூச்சு முட்டினா உள்ள இருக்கற குழந்தைக்கும் மூச்சு முட்டும்" என்றார்.

மழைக்காலம் வேறு. சாரல் அடிக்கிறதென்று மொட்டைமாடிக் கதவைச் சாத்தி வைக்கிறோம். படிக்கட்டு முழுக்க அடைத்த பெட்டிதான். அதில் குடித்த புகைக்கு வெளியே போக வழியில்லை. மங்கை அறையில் மேஜை விசிறி ஓடுகிறதா, அந்தச் சின்ன ஜன்னல் வழியாகப் புகையை உள்ளே இழுத்துக்கொள்கிறது. பீடியை அணைத்து வெகுநேரமான பிறகும் நாற்றம் இருக்கும். ஈரச் சுவரிலும் போர்வையிலும் ஒட்டிக்கொண்டு மறுநாள் காலையிலும் லேசாக வீசும். மங்கை தொண்டையைச் செருமுவாள். நான் எழுந்து விசிறியை நிறுத்துவேன். அவளுக்கு வேர்க்கும். திரும்பப் போடுவேன்.

ஜன்னலில் உன் பழைய புடவையைச் சுருட்டி அடைத்தேன். அறை புழுங்கி, சுவர் பூத்து, அந்தப் பூஞ்சைக்கும் இருமினாள். நாற்றம் போகட்டும் என்று ஒரு நாள் சாம்பிராணி போட்டேன். "அப்பா, அதை முதல்ல வெளில கொண்டு போங்க" என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். புகைக்குப் புகை போட்ட புத்திசாலி உலகத்திலேயே உன் புருஷன் ஒருவன்தான்.

அவனிடம் ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. தெரியாமல் இல்லை. அந்த ஒரு வார்த்தை எனக்கு வந்தால்தானே? நீயானால் குழாயடியில் பாத்திரம் கழுவிக்கொண்டே மேலே பார்த்து நாலு வார்த்தை சொல்லி முடித்திருப்பாய். வேலைக்காலம் முழுக்கக் கோர்ட்டு அமீனாவாக இருந்தவன் நான். சம்மன் கொடுப்பது, ஜப்தி செய்வது, நிலத்துக்கும் வீட்டுக்கும் தமுக்கு அடித்துச் சுவாதீனம் எடுத்துக் கொடுப்பது. ஒரு வீட்டுப் படி ஏறினால் கூட இரண்டு சாட்சி, வாயில் மரியாதை, கையில் காகிதம். வேறு விதமாக இன்னொருத்தன் வாசலில் போய் நின்றது எனக்கு ஞாபகமே இல்லை. "உங்க மரியாதையைப் பார்த்தா எனக்கே பயமா இருக்குங்க" என்று நீ சிரிப்பாய். நானும் சிரிப்பேன். நீ சிரிப்புக்குச் சொல்லவில்லை என்று இப்போதுதான் புரிகிறது.

நல்லபடியாகக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், காமு. சத்தியமாக அவ்வளவுதான் நினைத்தேன். மங்கையும் அதையே சொன்னாள். "சண்டை மட்டும் வேணாம்பா. வசந்தா எனக்குக் கூடப்பிறந்தவ மாதிரி எல்லாம் செய்யுது." தலை பின்னிவிடுவது, வாய்க்குப் பிடித்ததைச் செய்து எடுத்து வருவது எல்லாம் வசந்தாதான். அவளிடம்கூட இளைப்பு என்று மங்கை சொல்லவில்லை, சளி என்று சொல்லி வைத்திருந்தாள். சம்பந்தி வீட்டுக் காதுக்குப் போய்விடக் கூடாதென்று பயம்.

அதனால் வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்து, சலவைச் சட்டை போட்டு, மேல்துண்டு போட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, ஒரு சீப்புப் பழம் எல்லாம் வைத்துக்கொண்டு மாடி ஏறினேன். தனியாகப் போக வாய் வராது என்று எதிர்வீட்டுத் தையல்காரர் கோவிந்தசாமியைக் கூட அழைத்துக்கொண்டேன். "எதுக்கு நான்?" என்று அவர் கேட்டார். "சும்மா, பக்கத்துல நில்லுங்க" என்றேன்.

செல்வராசு கைலியைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றான். என்னைப் பார்த்தான். கோவிந்தசாமியைப் பார்த்தான். தாம்பாளத்தைப் பார்த்தான். முகம் அப்படியே இறுகிவிட்டது. நான்தான் அதைக் கவனித்தும் கவனிக்காமல் பேச ஆரம்பித்தேன்.

"தம்பி, நல்லபடியா ஒரு விஷயம் பேசிக்கலாம்னு வந்தோம். இது உங்க வீடு மாதிரிதான். இருந்தாலும், வீடுன்னு இருந்தா நாலும் இருக்கும். படிக்கட்டு ரெண்டு பேருக்கும் பொது. அதனால படியிலயும் வீட்டுக்குள்ளயும் தாங்கள் பீடி, சிகரெட் பிடிக்கறதைத் தவிர்த்துக்கிட்டா எல்லாருக்கும் சௌகரியமா இருக்கும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

தாங்கள் என்றேன், காமு. என் தம்பி வயசுகூட இல்லாத பையனிடம்.

அவன் கேட்டான், "ஏன்யா, இத்தனை நாள் இல்லாம இப்ப என்ன?"

நியாயமான கேள்வி. பதிலும் என் நாக்கு நுனியில் இருந்தது. பக்கத்தில் கோவிந்தசாமி நிற்கிறார். அவர் கடைக்கு ஊரே வந்து போகும், மங்கை நாத்தனாரும் ரவிக்கை தைக்க வருகிறவள்தான். பெண்ணுக்கு இளைப்பு என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வேன்? "ஒண்ணுமில்ல தம்பி, ஒரு ஒழுங்குக்குத்தான்" என்று முடித்துவிட்டேன்.

"சரிங்க. பார்க்கலாம்" என்றான்.

தாம்பாளத்தை நீட்டினேன். அவன் கை நீட்டவில்லை. வசந்தா வாங்க வந்தாள், கண்ணாலேயே அவளை நிறுத்தினான். "வெத்தலை எல்லாம் வேணாங்கய்யா. நாங்க போடறதில்லை" என்றான். அவன் போடுவான். எனக்கே ஒரு நாள் பாக்கு கொடுத்திருக்கிறான். போன தட்டு போனபடியே கீழே திரும்பி வந்தது. பழத்தைக் கோவிந்தசாமியிடம் கொடுத்து அனுப்பினேன்.

அதற்கப்புறம் படியில் பீடி இல்லை. பேச்சும் இல்லை. சாப்ட்டாச்சுங்களா என்ற குரல் நின்றுவிட்டது. வசந்தா கீழே இறங்குவதில்லை. தண்ணீர் பிடிக்க வந்தாலும் குடத்தைப் பார்த்தபடியே போய்விடுவாள். தலை பின்ன ஆளில்லாமல் மங்கை தானே முடிந்துகொண்டாள். "என்னப்பா சொன்னீங்க அவங்ககிட்ட?" என்றாள். "மரியாதையாத்தான் சொன்னேன்" என்றேன்.

மாசம் பிறந்தது. தபால்காரர் வாசலில் நின்று சிரித்தார். "என்ன சார் அதிசயம், உங்க வீட்டு மாடிலேருந்து உங்களுக்கே மணியார்டர் வந்திருக்கு."

வாங்கிப் பார்த்தேன். மாசா மாசம் வசந்தா உன் கையில், பிறகு என் கையில், கொடுத்துக்கொண்டிருந்த வாடகை. கீழே துண்டுக் காகிதத்தில் மாத வாடகை என்று தெளிவாக எழுதியிருந்தது. இது என்ன என்று மற்றவர்களுக்கு விளக்க வேண்டியிருக்கும், எனக்கு வேண்டாம். குத்தகைக்காரர்களை நிலத்தைவிட்டு எழுப்ப நினைக்கிற மிராசு, குத்தகை நெல்லை வாங்க மாட்டேன் என்பார். அப்புறம் பாக்கி வைத்துவிட்டான் என்று வழக்குப் போடுவார். அதற்குத்தான் குத்தகைக்காரன் மணியார்டர் கட்டி ரசீதை வைத்துக்கொள்வான், இல்லையென்றால் கோர்ட்டில் கட்டிவிடுவான். இந்த ஜில்லாவில் விவசாயச் சங்கம் வைத்து ஜனங்கள் படித்த பாடம் அது. அந்த ரசீதுகளை எத்தனை வழக்குக் கட்டுகளில் நான் பார்த்திருக்கிறேன். வீட்டு வாடகைக்கும் அதே வழிதான். செல்வராசு என்னோடு வழக்குக்குத் தயாராகிவிட்டான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. நான் என்ன அவன் குடியையா கெடுத்தேன்? பீடி குடிக்காதே என்றதற்கு வழக்கா? கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். திருப்பி அனுப்பினால் அதையும் அவன் ரசீதாக வைத்துக்கொள்வான் என்று என் அமீனா புத்தி சொன்னது. அன்று சமைத்ததை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். நீ இருந்தால் இதைச் சொல்லிப் புலம்பவாவது ஆள் இருக்கும் என்று நினைத்தேன்.

படியை விட்டானே தவிர, பீடியை விடவில்லை. அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குடிக்க ஆரம்பித்தான். மழைக்கு அங்கேயும் ஜன்னல் சாத்தல். புகை கதவு இடுக்கு வழியாகப் படியில் இறங்கி, அதே சின்ன ஜன்னல் வழியாக அதே அறைக்கு வந்தது. முன்னாலாவது எப்போது குடிக்கிறான் என்று தெரியும், விசிறியை நிறுத்துவேன். இப்போது மங்கை இருமினால்தான் தெரியும்.

ஒரு சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரம். நல்ல மழை. மங்கை கட்டிலில் எழுந்து உட்கார்ந்து தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் குனிந்திருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. மூச்சு விசில் மாதிரி வந்தது. மாத்திரையைக் கொடுத்தேன். "அப்பா, பொகை" என்று அந்த ஒரு வார்த்தையை இரண்டு மூச்சில் சொன்னாள்.

நான் என்ன செய்தேன் என்று கேள். நடைக்கு ஓடிப் படியடியில் நின்று, ஊரே கேட்க, "டேய் செல்வராசு, அந்தப் பீடியைத் தூக்கிப் போடுடா. புள்ளைக்கு மூச்சு வரலடா" என்று கத்தினேன். தாங்களும் இல்லை, தம்பியும் இல்லை. என் குரல் எனக்கே யாரோ கத்துவது போல இருந்தது.

தடதடவென்று இறங்கி வந்தான். திரும்பி ஓடி மொட்டைமாடிக் கதவைத் திறந்தான், மழை உள்ளே அடித்தாலும் அடிக்கட்டும் என்று அகலமாகத் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தான். தெருக்கதவையும் திறந்துவிட்டான். காற்று விர்ரென்று ஓடியது. மங்கை அறை வாசல் வரை வந்தவன் நின்றுவிட்டான். "நான் உள்ள வரலைங்கய்யா. என் சட்டையெல்லாம் அந்த நாத்தந்தான். வசந்தா, நீ போ" என்றான். மழையில் நனைந்துகொண்டே போய் டாக்டரம்மாவிடம் சொல்லி, ஊசி போட நர்சம்மாவை அழைத்து வந்தான். வசந்தா மங்கை முதுகைத் தேய்த்தபடி உட்கார்ந்திருந்தாள். மூச்சு ஒரு வழியாகச் சமனப்பட்டது. குழந்தை துள்ளுகிறது என்று மங்கை என் கையைப் பிடித்துச் சொன்னாள். அப்போதுதான் நான் கீழே உட்கார்ந்தேன்.

நர்சம்மா போன பிறகு செல்வராசு ஈரச் சட்டையோடு நடையிலேயே நின்றான்.

"இதுக்குத்தான் அன்னிக்கு வந்தீங்களா?"

"ஆமாடா."

"அப்ப அதைச் சொல்றதுதானேய்யா. எதுக்கு வெத்தலைத் தட்டு, எதுக்குச் சாட்சிக்கு ஆளு?"

"மரியாதையாக் கேக்கணும்னு..."

அவன் சிரிக்கவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு சொன்னான். "எங்கப்பா குத்தகைக்குப் பார்த்த நிலத்தை எப்படி எடுத்தாங்க தெரியுமாங்க? அடிக்கல, திட்டல. குத்தகையை எல்லாம் பதிவு பண்றாங்க, பதிஞ்சுட்டா எழுப்ப முடியாதுன்னு தாலுக்கா ஆபீசுல கூட்டம் அலைமோதின நேரம். மிராசுதாரு காரியஸ்தரைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கே வந்தாரு. தட்டுல வெத்தலை பாக்கு, பழம். வரப்பைச் சரியா வெட்டலை, தண்ணியைத் திருப்பிட்டன்னு ஏதோ சின்னக் குத்தம் சொன்னாரு. நல்லபடியாப் பேசிக்கலாம், தப்பா எடுத்துக்காதன்னாரு. மிராசு மொத மொதல்ல நம்ம வீட்டு வாசப்படி ஏறி வந்திருக்காரேன்னு எங்கப்பா கை நீட்டி வெத்தலையை எடுத்துக்கிட்டாரு. வெத்தலை வாங்கிட்டான், விட்டுக் கொடுத்துட்டான்னு காரியஸ்தரு சாட்சி சொன்னாரு. அவ்வளவுதான். அப்புறம் தமுக்கோட அமீனா வந்தாரு."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "குடவாசல் என் சரகம் இல்லப்பா" என்றேன். எவ்வளவு அற்பமான பதில் பார், காமு.

"தெரியுங்க, விசாரிச்சுட்டுத்தான் குடி வந்தேன்" என்றான். "அதே தட்டு, அதே பேச்சு, கூட ஒரு ஆளு. போதாததுக்கு நீங்களும் அமீனாவா இருந்தவரு. பீடின்னு சாக்கு சொல்லிக் காலி பண்ணச் சொல்றீங்கன்னு நெனச்சேன். மகளும் பேரனும் வர்ற வீடு, மாடி வேண்டியிருக்கும்னு வசந்தாவும் சொல்லுச்சு. மணியார்டர் கட்டச் சொல்லி சங்கத்துல சொன்னாங்க."

அவன் சந்தேகத்தில் ஒரு ஓட்டையும் எனக்குத் தெரியவில்லை. அவனிடத்தில் நான் இருந்தாலும் அந்த வெற்றிலையைத் தொட்டிருக்க மாட்டேன்.

கோபம் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் கேட்டேன், "அது கெடக்கட்டும். அவ இருந்தவரைக்கும் மொட்டைமாடிலதானே குடிச்ச? அவ போனதும் படியில வந்து உக்காந்தியே, அது என்ன?"

அவன் ஈரச் சட்டை நுனியைப் பிழிந்தான். வசந்தா உள்ளேயிருந்து, "சொல்லுங்க" என்றாள்.

"அம்மாதாங்க மேல தண்ணித் தொட்டி ஓரத்துல எடம் காட்டினாங்க. வந்த மறுநாளே. தம்பி, உனக்கு விட முடியலன்னா இங்க குடிச்சுக்க, படியில வேணாம், உள்ளயும் வேணாம், நெல்லு மூட்டை இருக்கு, நெருப்புப் பயம்னு சொன்னாங்க. கொட்டாங்கச்சில மணல் போட்டு அவங்களே வெச்சாங்க. ஆஸ்பத்திரிக்குப் போகறப்ப வண்டில ஏத்தினேன்ல, அப்ப ஒண்ணு சொன்னாங்க. ஐயா தனியா இருப்பாரு, கேட்டாத்தான் சாப்பிடுவாரு, ஒரு கண்ணு வெச்சுக்கன்னாங்க. மொட்டைமாடிலேருந்து கூடம் தெரியாதுங்க. படித் திருப்பத்துல உக்காந்தா நீங்க நடமாடறது தெரியும். அடுப்பு பத்த வெக்கற சத்தம் கேக்கும். உக்காந்தா பீடி கேக்குது, என்ன பண்றது. இந்த அக்காவுக்கு இப்படின்னு தெரிஞ்சிருந்தா தொட்டிருக்கவே மாட்டேன்யா."

காமு, நீ எனக்கு ஆள் வைத்துவிட்டுப் போனாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் நான் வேண்டாம் என்றிருப்பேன், அதுவும் உனக்குத் தெரியும். ஒரு வருஷமாக அந்தப் பிள்ளை கேட்டுக்கொண்டிருந்தது உன் கேள்வி. நான் ம் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தேன். அன்று நடையில் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன். செல்வராசு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்போது என்ன ஏற்பாடு என்று சொல்கிறேன், உனக்குக் கேட்க ஆசையாக இருக்கும். தண்ணீர்த் தொட்டி ஓரத்தில் மழைக்கு நனையாமல் செல்வராசு ஒரு தகரத்தைக் கட்டியிருக்கிறான். உன் கொட்டாங்கச்சிக்குப் புது மணல் போட்டாகிவிட்டது. மேலே போனால் கதவை வெளிப்பக்கம் சாத்திக்கொண்டுதான் பற்ற வைக்கிறான். அதற்கென்று ஒரு பழைய சட்டை அங்கே கொடியில் தொங்குகிறது. குடித்து முடித்ததும் அதைக் கழற்றிப் போட்டு, வாய் கொப்பளித்து, சற்று நேரம் காற்றில் நின்றுவிட்டுத்தான் இறங்குகிறான். அவனைப் பார்க்க வருகிற ஆபீஸ் ஆட்களுக்கும் அதே சட்டம், வாசலிலேயே சொல்லிவிடுகிறான். சில நாள் மறந்து கையில் பீடியோடு படி இறங்கிவிடுவான். "டேய்" என்றால் போதும். மேலே ஏறச் சோம்பல்பட்டே எத்தனையோ பீடி மிச்சமாகிறது என்று வசந்தா சிரிக்கிறாள். அவன் விட்டுவிடுவான் என்று நான் நம்பவில்லை. அவனும் நம்பவில்லை. நான் கேட்டதும் அது இல்லை.

மங்கை அறைச் சுவருக்கு வெள்ளை அடித்தேன். போர்வைகளை வெயில் வந்த அன்று துவைத்துப் போட்டோம். மங்கைக்கு மூச்சு இப்போது தேவலை. ஊரே கேட்க நான் கத்தின பிறகு இளைப்பை யாரிடமும் மறைக்க ஒன்றுமில்லை. இந்த மாசத்துக்குள் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். வாடகை பழையபடி வசந்தா கையால் வருகிறது. மங்கை தலையில் மறுபடி இறுக்கிப் பின்னிய சடை.

நேற்றுச் சாயங்காலம் மழை விட்டிருந்தது. செல்வராசு மாடியிலிருந்து இறங்கி வந்து, அதே படித் திருப்பத்தில் உட்கார்ந்தான். கையில் ஒன்றும் இல்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான். நான் கூடத்தில் விளக்கைத் தூண்டினேன்.

"ஐயா, சாப்ட்டாச்சுங்களா?"

"இன்னும் இல்லப்பா" என்றேன். "கத்திரிக்காய்க் குழம்பு வெச்சிருக்கேன், உப்பு கொஞ்சம் தூக்கலாயிடுச்சு. மங்கை சாப்பிட்டுட்டா. நான் இனிமேதான். நீ சாப்ட்டியா?"

"நீங்க சாப்பிடுங்க, நான் இருக்கேன்" என்றான். தட்டைப் போட்டு உட்கார்ந்தேன். நான் கை கழுவுகிற சத்தம் கேட்டபிறகுதான் எழுந்து மேலே போனான்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், காமு. பிள்ளை பிறந்து மங்கை புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள், வீடு பழையபடி சும்மா கிடக்கும், எனக்குத் தெரியும். அப்போதும் அந்தக் குரல் படியிலிருந்து கேட்டால், ம் என்று சொல்ல மாட்டேன். என்ன சமைத்தேன், எவ்வளவு சாப்பிட்டேன் என்று உன்னிடம் சொல்கிற மாதிரியே அவனிடம் சொல்வேன்.

கேட்டால்தான் சாப்பிடுகிற,
உன் வீட்டுக்காரன்